சிரித்தால் ஈறு அதிகம் தெரிகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஈறு மருத்துவம் பார்ப்பவள். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொண்டே பேசுகிறவர்கள் வாரம் ஓரிருவராவது வருகிறார்கள். கேட்பதும் பெரும்பாலும் ஒரே சந்தேகங்களைத்தான். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

சிரிச்சா ஈறு தெரியுது டாக்டர், இது ஒரு வியாதியா?

இல்லை. நன்றாகச் சிரிக்கும்போது மேல் முன்பற்களுக்கு மேலே 1 அல்லது 2 மி.மீ. ஈறு தெரிவது சாதாரணம், பார்க்கவும் இளமையாக இருக்கும். 3, 4 மி.மீ.க்கு மேல் போகும்போதுதான் பார்ப்பவர் கண் பல்லை விட்டு ஈறுக்குப் போகிறது. அதைத்தான் கம்மி ஸ்மைல் என்கிறோம். அப்போதும் அது உங்களுக்குத் தொந்தரவாக இல்லையென்றால் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் தனியாகப் பாருங்கள். ஈறு வெளிறிய இளஞ்சிவப்பாக (சிலருக்குக் கருமை கலந்து) இறுக்கமாக இருந்தால் அது ஆரோக்கியமான ஈறு. சிவந்து, உப்பி, பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தால் அழகைப் பற்றிய பேச்சை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் அந்த வீக்கத்துக்கு வைத்தியம் பார்க்க வேண்டும்.

எங்க வீட்டுல யாருக்கும் இப்படி இல்ல, எனக்கு மட்டும் ஏன்?

சிரிக்கும்போது திரை விலகுவது போல மேலுதடு மேலே போகிறது. திரைக்குப் பின்னால் எது சரியான இடத்தில் இல்லையோ அதுதான் காரணம். ஈறு பல்லின் மேல் அதிகமாக இறங்கிப் படிந்திருக்கலாம். உதடு நீளம் குறைவாக இருக்கலாம், அல்லது சரியான நீளம் இருந்தும் அளவுக்கு மேல் தூக்கலாம். முன்பற்கள் ஈறையும் இழுத்துக்கொண்டு கீழே இறங்கியிருக்கலாம். மேல்தாடை எலும்பே உயரவாக்கில் அதிகமாக வளர்ந்திருக்கலாம்.

இந்த நான்கும் கண்ணாடியில் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் வைத்தியம் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதது. உதடு அதிகம் தூக்குகிறவருக்கு ஈறை வெட்டினால் பல் நீளமாகிப் போகும், பிரச்சினை அப்படியே இருக்கும். ஒரே ஆளிடம் இரண்டு காரணங்கள் சேர்ந்திருப்பதும் அடிக்கடி நடக்கிறது. அதனால் அளந்து பார்க்காமல் என்ன செய்வது என்ற பேச்சையே நான் தொடங்குவதில்லை.

எனக்கு எது காரணம்னு வீட்டுலயே பார்க்க முடியுமா?

ஓரளவு முடியும். ஒரு சின்ன ஸ்கேலும் கண்ணாடியும் போதும். முதலில் நடு முன்பல்லின் உயரத்தை ஈறு ஓரத்திலிருந்து பல் நுனி வரை அளங்கள். பொதுவாக 10 முதல் 11 மி.மீ. இருக்கும். 8 மி.மீ.தான் இருக்கிறது, பல் சதுரமாகத் தெரிகிறது என்றால் சந்தேகம் ஈறு மேல்.

அடுத்து மூக்கின் அடியிலிருந்து மேலுதட்டின் கீழ் ஓரம் வரை அளங்கள். பெண்களுக்கு 20 முதல் 22, ஆண்களுக்கு 22 முதல் 24 மி.மீ. வழக்கம். அப்புறம் முகத்தைத் தளர்த்தி, உதடுகள் லேசாகப் பிரிந்திருக்கும்படி விட்டு, பல் நுனி எவ்வளவு வெளியே தெரிகிறது என்று பாருங்கள். பெண்களுக்கு 3, 4 மி.மீ., ஆண்களுக்கு 2 மி.மீ. அளவு தெரியும். சும்மா இருக்கும்போதே 6, 7 மி.மீ. தெரிந்தால் பல்லோ தாடையோ கீழே இறங்கியிருக்கிறது, அல்லது உதடு குட்டை. சும்மா இருக்கும்போது எல்லாம் சரியாக இருந்து சிரிக்கும்போது மட்டும் ஈறு வெளியே வந்தால் உதட்டின் ஓட்டத்தைக் கவனிக்க வேண்டும். சாதாரணமாக அது 6 முதல் 8 மி.மீ. மேலே போகும். 10, 12 என்று போனால் உதடு அதிகம் தூக்குகிறது.

ஒரு எச்சரிக்கை: போட்டோவுக்குச் சிரிக்கும் சிரிப்பை நம்பாதீர்கள். பழக்கத்தில் உதட்டை அடக்கிக்கொள்வீர்கள். யாராவது பேச்சுக் கொடுத்துச் சிரிக்கவைத்து வீடியோ எடுத்தால்தான் உண்மையான அளவு கிடைக்கும்.

என் பல்லே சின்னதா, இல்ல ஈறு மூடியிருக்கா?

இதைக் கண்ணால் சொல்ல முடியாது, தொட்டுத்தான் சொல்ல வேண்டும். பல்லின் வெள்ளை எனாமல் முடிந்து வேர் தொடங்கும் இடத்தில் மெல்லிய விளிம்பு ஒன்று உண்டு. வளர்ந்தவர்களுக்கு ஈறு ஓரம் அந்த விளிம்பை ஒட்டி, அதைக் கொஞ்சம் மட்டும் மூடி நிற்கும். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே அளவுகோடு போட்ட மெல்லிய கம்பியை விட்டு அந்த விளிம்பைத் தேடுவோம். 2, 3 மி.மீ. உள்ளே போய்தான் அது தட்டுப்படுகிறது என்றால் எனாமல் ஈறுக்குள் ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். பல் முளைத்தபிறகு ஈறு படிப்படியாகப் பின்வாங்கியிருக்க வேண்டும், சிலருக்கு அது பாதியில் நின்றுவிடுகிறது.

விளிம்பு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தும் பல் குட்டையாக இருந்தால் நுனியைப் பாருங்கள். இரவில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கு நுனி தட்டையாகத் தேய்ந்திருக்கும். தேயத் தேயப் பல் ஈறோடு சேர்ந்து கீழே இறங்கி வரும். இவர்களுக்குக் கடிக்கும் பழக்கத்தையும் தேய்மானத்தையும் கவனிக்காமல் ஈறில் மட்டும் கை வைத்தால் கொஞ்ச காலத்தில் மறுபடி அதே நிலைதான்.

லேசர்ல அரை மணி நேரத்துல ஈறை ஷேப் பண்ணிடலாம்னு சொல்றாங்க, உண்மையா?

சிலருக்கு உண்மை. யாருக்கு என்பதை ஈறுக்கு அடியில் இருக்கும் எலும்பு தீர்மானிக்கிறது. எலும்பின் விளிம்புக்கும் ஈறு ஓரத்துக்கும் நடுவே சுமார் 3 மி.மீ. இடம் உடம்புக்குத் தேவை. அதில் 2 மி.மீ. அளவு ஈறு பல்லோடு ஒட்டிப் பிடித்திருக்கும் பகுதி, மீதி அதற்கு மேலே உள்ள சின்னப் பள்ளம். இந்த இடத்தை நாம் குறைத்தால் உடம்பு அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஒன்று, வெட்டிய ஈறு சில மாதங்களில் பழைய இடத்துக்கே வளர்ந்துவிடும். இல்லையென்றால் ஓரம் ஆறாமல் சிவந்தே இருக்கும், தொட்டால் ரத்தம் வரும்.

அதனால் மரத்துப்போகும் ஊசி போட்டபிறகு அதே அளவுக் கம்பியை எலும்பில் தட்டும் வரை இறக்கி அளக்கிறோம். ஈறு ஓரத்திலிருந்து எலும்பு 5 மி.மீ. தள்ளி இருந்தால் 2 மி.மீ. ஈறை லேசரிலோ கத்தியிலோ எடுத்துவிடலாம், 3 மி.மீ. மீதி இருக்கும். எலும்பு 3 மி.மீ.யிலேயே இருந்தால் ஈறை விலக்கி எலும்பின் ஓரத்தையும் அதே அளவுக்குச் சீவித்தான் ஆக வேண்டும். அது தையல் போடுகிற அறுவை சிகிச்சை, அரை மணி நேர வேலை இல்லை. வேறு இடத்தில் லேசர் செய்துகொண்டு, ஆறு மாதத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று என்னிடம் வந்தவர்களில் பலருக்கு இந்த எலும்பு அளவு எடுக்கப்படவே இல்லை. “எலும்பு எவ்வளவு தள்ளி இருக்கு, அளந்தீங்களா?” என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.

இந்த அளவெல்லாம் வச்சு எப்படி முடிவு பண்றீங்க? ஒரு உதாரணம் சொல்லுங்களேன்.

26 வயதுப் பெண் ஒருவர். வாய்விட்டுச் சிரித்தால் 5 மி.மீ. ஈறு தெரிந்தது. நடு முன்பல் 8 மி.மீ. உயரம், 8 மி.மீ. அகலம், அதாவது சதுரம். மேலுதடு 21 மி.மீ., குறையில்லை. சும்மா இருக்கும்போது பல் 3 மி.மீ. தெரிந்தது, அதிலும் குறையில்லை. ஆகவே தாடையும் பல் இருக்கும் மட்டமும் காரணம் இல்லை.

உதட்டின் ஓட்டத்தைக் கணக்குப் போடலாம். சிரிக்கும்போது பல் நுனியிலிருந்து உதடு வரை 8 மி.மீ. பல்லும் 5 மி.மீ. ஈறுமாக 13 மி.மீ. தெரிகிறது. சும்மா இருக்கும்போது 3. கழித்தால் உதடு 10 மி.மீ. தூக்குகிறது. வழக்கமான 8ஐ விட 2 கூடுதல். எனாமல் விளிம்பு ஈறுக்கு உள்ளே இரண்டரை மி.மீ. தள்ளி இருந்தது. ஆக இவருக்குக் காரணம் இரண்டு: இறங்கிப் படிந்த ஈறும், அதிகம் தூக்கும் உதடும்.

ஈறை 2 மி.மீ. ஏற்ற முடிவெடுத்தோம். விளிம்பைத் தாண்டினால் வேர் வெளியே தெரிந்து கூசும் என்பதால் அரை மி.மீ. விட்டுவைத்தோம். எலும்பு ஈறு ஓரத்திலிருந்து மூன்றரை மி.மீ.யில் இருந்தது. 2ஐ எடுத்தால் ஒன்றரைதான் மிஞ்சும், வேண்டியது 3. எனவே எலும்பையும் ஒன்றரை மி.மீ. சீவ வேண்டியிருந்தது. வெட்டியபிறகு அசையாத கெட்டி ஈறு குறைந்தது 3 மி.மீ. மிஞ்ச வேண்டும். இவருக்கு மொத்தம் 6 இருந்ததால் பயமில்லை. முடிவில் பல் 10க்கு 8 என்று அமைந்து நல்ல வடிவத்துக்கு வந்தது. சிரிப்பில் தெரியும் ஈறு 3 மி.மீ. ஆனது. மீதிக்கு உதட்டில் வேலை செய்யலாம் என்று சொன்னேன். கொஞ்ச நாள் பார்க்கிறேன் என்றார். ஒரு வருடம் கழித்து வந்தபோது இதுவே போதும் என்று விட்டுவிட்டார். பல்லின் வடிவம் சரியானதும் பாதிப்பேர் இப்படித்தான் நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஈறை வெட்டினா ரொம்ப வலிக்குமா? எத்தனை நாள் லீவு போடணும்?

செய்யும்போது ஊசி போட்ட வலி மட்டும். ஈறு மட்டும் என்றால் மறுநாளே வேலைக்குப் போகலாம். எலும்பும் சீவினால் உதடு இரண்டு மூன்று நாள் வீங்கியிருக்கும், ஒரு வாரம் முதல் பத்து நாளில் தையல் பிரிப்போம். அதுவரை அந்த இடத்தில் பிரஷ் வேண்டாம், மருந்து நீரில் கொப்பளித்தால் போதும். முறுக்கு, தட்டை, காரசாரமான குழம்பு எல்லாம் கொஞ்ச நாள் தள்ளியே இருக்கட்டும். ஈறு ஓரம் அசையாமல் ஓர் இடத்தில் நிற்க 3 மாதம் ஆகும், முன்பற்களில் 6 மாதம் வரைகூட ஆகலாம். முன்பல்லில் வீனியரோ கேப்போ போடும் எண்ணம் இருந்தால் அதுவரை பொறுக்க வேண்டும்.

உதட்டை உள்ளேயே தச்சு இறக்குறாங்களாமே, அது என்ன?

உதடு அதிகம் தூக்குகிறவர்களுக்கான சிகிச்சை அது. 1973ல் அர்ஜென்டினா மருத்துவர்களான ரூபின்ஸ்டைன், கொஸ்தியானோவ்ஸ்கி இருவரும் இதை முதலில் எழுதினார்கள். மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தால் கெட்டியான ஈறு முடிந்து, சிவந்த மிருதுவான சவ்வு தொடங்கும் கோடு தெரியும். அந்தக் கோட்டிலிருந்து உதட்டுப் பக்கமாக, ஒரு பக்கக் கடைவாயிலிருந்து மறுபக்கம் வரை, சவ்வில் ஒரு பட்டையை மட்டும் மேலோட்டமாக உரித்து எடுப்பார்கள். பிறகு உதட்டுச் சவ்வின் ஓரத்தைக் கீழே இழுத்து ஈறு ஓரத்தோடு தைப்பார்கள். உதட்டுக்குள் இருக்கும் பள்ளத்தின் ஆழம் குறைவதால், தசை இழுத்தாலும் உதடு முன்போல மேலே ஏறாது.

எடுக்கும் பட்டையின் அகலம் எவ்வளவு ஈறை மறைக்க வேண்டுமோ அதைப்போல இரண்டு மடங்கு. 4 மி.மீ. மறைக்க 8 மி.மீ. பட்டை. 10, 12 மி.மீ.க்கு மேல் எடுப்பதில்லை. நடுவில் இருக்கும் சின்னத் தசைநாரை விட்டுவைத்து இரு பக்கமும் தனித்தனியாகச் செய்தால் உதடு கோணுவது குறையும். இரண்டு வாரத்தில் தையல் பிரிப்பார்கள். அதுவரை வாய்விட்டுச் சிரிப்பதும் கத்திப் பேசுவதும் கூடாது. உதடு இழுத்துக் கட்டியது போன்ற உணர்வு சில வாரம் இருக்கும். தழும்பு உள்ளே இருப்பதால் வெளியே தெரியாது. அந்த இடத்தில் எச்சில் சுரக்கும் குட்டிச் சுரப்பிகள் நிறைய உண்டு. ஒன்று அடைபட்டால் நீர்க் கொப்புளம் வரலாம், பெரும்பாலும் தானே அடங்கிவிடும்.

அது திரும்ப பழையபடி ஆயிடும்னு சொன்னாங்களே?

ஓரளவு ஆகலாம் என்பதை நான் முன்னாலேயே சொல்லிவிடுவேன். இந்த முறையில் தசையை யாரும் தொடுவதில்லை, சவ்வை மட்டும் சுருக்குகிறோம். தசை தினமும் இழுத்துக்கொண்டே இருப்பதால் முதல் 6 முதல் 12 மாதத்துக்குள் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். 4 மி.மீ. குறைந்தவருக்கு ஒரு வருடம் கழித்து 3தான் நிலைத்திருக்கிறது என்றால் எனக்கு ஆச்சரியம் இல்லை.

தாடை எலும்பு வளர்ந்ததால் ஈறு தெரிகிறவருக்கு இதைச் செய்தால் முழுக்கத் திரும்பிவிடும் வாய்ப்பு அதிகம். கெட்டி ஈறு 3 மி.மீ.க்குக் குறைவாக இருப்பவர்களுக்கும் இது ஒத்துவராது, தைக்கப் பிடிமானம் இருக்காது. சந்தேகமான இடத்தில் எதையும் வெட்டாமல் தையல் மட்டும் போட்டு உதட்டை இறக்கிக் கண்ணாடியில் காட்ட முடியும். பிடிக்கவில்லை என்றால் பிரித்துவிடலாம். இதைக் கேட்டுப் பாருங்கள்.

கத்தியே வேண்டாம், போடாக்ஸ் ஊசி போட்டுக்கலாமா?

உதடு தூக்குவதுதான் காரணம் என்றால் போட்டுக்கொள்ளலாம். மூக்கின் இரு பக்கமும் உதட்டைத் தூக்கும் தசைகள் சேரும் இடத்தில் சில யூனிட் மட்டும் போடுவார்கள். சில நாளில் வேலை தொடங்கி, இரண்டு வாரத்தில் முழுப் பலன் தெரியும். 3 முதல் 6 மாதத்தில் தீர்ந்துவிடும்.

அளவு கூடினால் மேலுதடு நீண்டு தொங்கும், சிரிப்பு ஒரு பக்கம் கோணும், ஸ்ட்ராவில் உறிஞ்சவும் விசில் அடிக்கவும் சிரமமாகும். தீரும் வரை பொறுப்பதைத் தவிர வழியில்லை. கர்ப்பமாக இருப்பவர்களும் பால் கொடுப்பவர்களும் தசைத் தளர்ச்சி நோய் உள்ளவர்களும் போடக் கூடாது. உதட்டு அறுவை சிகிச்சைக்குத் தயங்குகிறவர்களுக்கு முன்னோட்டம் போல இதைச் செய்யச் சொல்வேன். உதடு இறங்கிய முகம் பிடித்திருக்கிறதா என்று நாலு மாதம் வாழ்ந்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

கிளிப் போட்டா ஈறு தெரியறது குறையுமா? எனக்கு கிளிப் போட்ட அப்புறம்தான் அதிகமாச்சு!

இரண்டுமே நடக்கும். மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களை மூடும் அளவுக்கு இறங்கியிருந்தால், அவற்றை மேலே ஏற்றும்போது ஈறும் பெரும்பகுதி கூடவே ஏறும். இப்போது எலும்பில் சின்ன ஸ்க்ரூ ஒன்றோ இரண்டோ போட்டு அதிலிருந்து மெல்லிய விசையில் இழுக்கிறார்கள். சில மாதங்களில் 2 முதல் 4 மி.மீ. வரை ஏற்ற முடியும். விசை கூடினால் வேர் நுனி கரையும். அதனால் நடுவில் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

உங்களுக்கு அதிகமானதற்கும் காரணம் சொல்ல முடியும். தூக்குப்பல்லுக்காகப் பக்கப் பல்லை எடுத்துவிட்டு முன்பற்களைப் பின்னால் இழுக்கும்போது, கவனிக்காவிட்டால் அவை கதவு சாய்வது போல உள்ளே சாயும். சாயும்போது நுனி கீழே இறங்கும், ஈறும் சேர்ந்து இறங்கும். கிளிப் டாக்டரிடம் பின்னால் இழுக்கும்போதே மேலே ஏற்றவும் திட்டம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இன்னொன்று, கிளிப்பைச் சுற்றி அழுக்கு தங்கி ஈறு வீங்கியும் பல்லை மூடும். சுத்தம் செய்து, கிளிப் கழற்றிய சில மாதத்தில் அது பெரும்பாலும் வடியும். அதுவரை ஈறில் கத்தி வைக்க வேண்டாம்.

முக்கியமான ஒரு எல்லை: சும்மா இருக்கும்போது பல் தெரியும் அளவு சரியாக இருப்பவருக்குப் பல்லை மேலே ஏற்றவே கூடாது. சிரிப்பு சரியாகும், ஆனால் பேசும்போது மேல்பல்லே தெரியாமல் வயதான முகம் வந்துவிடும்.

தாடை ஆபரேஷன்தான் ஒரே வழின்னு சொல்லிட்டாங்க, அவ்வளவு பெருசா தேவையா?

சும்மா இருக்கும்போதே பல் 6, 7 மி.மீ. வெளியே தெரிந்து, உதட்டை மூட மோவாயைச் சுருக்க வேண்டியிருந்து, மூக்குக்குக் கீழே முகம் நீளமாக இருந்தால் சொன்னது சரியாக இருக்கலாம். முழு மயக்கம் கொடுத்து, வேர்களுக்கு மேலே மேல்தாடையைக் கிடையாக வெட்டி, எலும்பில் ஒரு பட்டையை எடுத்துவிட்டு, தாடையை மேலே ஏற்றி டைட்டானியம் தகடுகளால் பொருத்துவார்கள். வெட்டெல்லாம் வாய்க்குள்தான். முன்னும் பின்னும் கிளிப் போடுவதால் மொத்தம் ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும். கன்னமும் உதடும் சில வாரமோ மாதமோ மரத்திருக்கலாம். மூக்கின் அடிப்பகுதி கொஞ்சம் அகலமாகலாம். கீழ்த்தாடை தானாகச் சுழன்று மேலேறுவதால் மோவாய் முன்னால் வந்தது போலத் தெரியும்.

எவ்வளவு ஏற்றுவது என்பதைச் சும்மா இருக்கும்போது தெரியும் பல்லை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 7 மி.மீ. பல் தெரிகிற பெண்ணுக்கு 3 மி.மீ. மிஞ்சும்படி 4 மி.மீ. ஏற்றலாம். சிரிப்பில் 8 மி.மீ. ஈறு தெரிகிறது என்பதற்காக 8ம் ஏற்றினால் பல் உதட்டுக்குள் போய்விடும். மிச்சமிருப்பதை ஈறிலோ உதட்டிலோ தனியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

என் பொண்ணுக்கு 13 வயசு, ஸ்கூல்ல கிண்டல் பண்றாங்களாம். இப்பவே பண்ணிடலாமா?

ஈறை வெட்டும் வேலையும் உதட்டு வேலையும் இப்போது வேண்டாம் அம்மா. இந்த வயதில் ஈறு இன்னும் பின்வாங்கிக்கொண்டுதான் இருக்கும், உதடும் நீளும். இன்றைக்கு 5 மி.மீ. தெரிவது 18 வயதில் 3 ஆகலாம். கிளிப் டாக்டரிடம் மட்டும் இப்போதே காட்டுங்கள். பல் இறங்கியிருந்தாலோ, மூக்கடைத்து வாயால் மூச்சு விட்டாலோ அதைக் கவனிக்க இது சரியான வயது.

அம்மாவுக்கு பிபி மாத்திரை ஆரம்பிச்ச பிறகு ஈறு வளர்ந்துடுச்சு, இதுவும் கம்மி ஸ்மைல்தானா?

பார்க்க அப்படி இருக்கும், கதை வேறு. அம்லோடிபின், நிஃபெடிபின் போன்ற பிபி மாத்திரைகளும், வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயினும், மாற்று உறுப்பு பொருத்தியவர்களுக்குத் தரும் சைக்ளோஸ்போரினும் சிலருக்கு ஈறை வளர்க்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக்கொடுத்த டாக்டரிடம் வேறு மருந்துக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். கூடவே பல் சுத்தம் செய்துகொண்டால் நிறையப் பேருக்கு வடிந்துவிடும். வடியாததை மட்டும் வெட்டலாம்.

எனக்கு மூணு மாசத்துல கல்யாணம், அதுக்குள்ள எது முடியும்?

வீட்டிலேயே பார்க்கச் சொன்ன அளவுகளை முதலில் எடுத்து வாருங்கள். ஈறு மட்டும் காரணமாக இருந்து, எலும்பும் தள்ளி இருந்தால், இந்த வாரமே செய்தாலும் கல்யாணத்துக்குள் ஆறிவிடும். எலும்பைச் சீவ வேண்டும் என்றால் இன்றே தொடங்கினால்தான் உண்டு, வீனியரைக் கல்யாணத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். உதடு காரணம் என்றால் முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் முன்பு போடாக்ஸ் போட்டால், கோணல் ஏதும் இருந்தாலும் திருத்த நேரம் இருக்கும். பல்லோ தாடையோ காரணம் என்றால் மூன்று மாதத்தில் முடிகிற வேலை எதுவும் இல்லை. அதற்குப் பதிலாக ஈறை வெட்டிச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், வெட்டிய ஈறைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது.